இரும்பு அளவீடு: அளவுத்திருத்தக் கோடு

1,10-ஃபினாந்த்ரோலின் முறையில் 510 நா.மீ. அலைநீளத்தில், 1 செ.மீ. குவெட்டில், 0 முதல் 4.0 மி.கி./லி. வரை ஆறு திட்டக் கரைசல்களின் உறிஞ்சளவு (A) செறிவுடன் (C, மி.கி./லி.) நேர்கோட்டில் உயர்ந்தது:

A = 0.1982 C + 0.0031

சாய்வு 0.1982 ± 0.0020 லி./மி.கி.; வெட்டுத்துண்டு 0.0031 ± 0.0045 (± என்பது திட்டப்பிழை); R² = 0.9996. வெட்டுத்துண்டு தன் திட்டப்பிழையைவிடச் சிறியது என்பதால் பூஜ்ஜியத்திலிருந்து வேறுபட்டதாகக் கொள்ள இடமில்லை; ஆயினும் கோட்டை ஆதிப்புள்ளி வழியே வலிந்து செலுத்தவில்லை. R² மட்டும் நேர்கோட்டுத்தன்மைக்குச் சான்றாகாது; லேசான வளைவிலும் அது 0.99-ஐத் தாண்டும். எனவே எச்சங்களையும் வரைந்து பார்த்தோம்: வளைவு தென்படவில்லை. மாதிரியின் உறிஞ்சளவு 0.352, அதன்படி இரும்புச் செறிவு 1.76 மி.கி./லி. 4.0-க்கு மேற்பட்ட செறிவுக்கு இக்கோடு பொருந்தாது. அத்தகைய மாதிரியை நீர்த்து மீண்டும் அளக்க வேண்டும்.