நூறாவது கட்டுரை: கேள்வி கேட்ட எல்லோருக்கும் நன்றி

வணக்கம். கணினியில் தமிழ் எழுதுவது பற்றிய இந்தத் தொடரில் இது நூறாவது கட்டுரை. நான்கு ஆண்டுகளுக்கும் மேலாகப் பதினைந்து நாளுக்கு ஒன்று என்று வந்திருக்கிறது. நடுவில் சில வாரங்கள் விட்டுப்போனபோது, "என்னம்மா, உடம்புக்கு ஏதாவதா?" என்று விசாரித்து எழுதினீர்கள். முதல் நன்றி அதற்கு.

திண்டுக்கல்லில் சின்னதாக ஒரு தட்டச்சு, டிடிபி கடை வைத்திருக்கிறேன். ஒருநாள் ஐம்பது வயதுக்காரர் ஒருவர் பென் டிரைவோடு வந்தார். இறந்துபோன அப்பா எழுதிய வாழ்க்கைக் குறிப்பு அதில் இருந்தது. திறந்து பார்த்தால் முதல் பக்கத்தில் `vd; mk;kh` என்று இருந்தது. "வைரஸ் பிடிச்சிருச்சுன்னு சொல்றாங்க, அழிச்சிடலாமா?" என்று கேட்டார். அது வைரஸ் இல்லை. பாமினி எழுத்துருவில் அடித்த "என் அம்மா". எழுத்துருவைப் போட்டதும் திரையில் தமிழ் வந்தது. அவர் ரொம்ப நேரம் எதுவும் பேசவில்லை. அன்று இரவு எழுதியதுதான் முதல் கட்டுரை.

அதன்பிறகு வந்தவற்றில் உருப்படியானவை எல்லாம் உங்களில் யாரோ ஒருவர் எங்கேயோ மாட்டிக்கொண்டு எழுதிய கடிதத்திலிருந்து பிறந்தவை. நானாக யோசித்து எழுதியவை அவ்வளவு பேருக்குப் பயன்படவில்லை என்பதையும் கடிதங்களே காட்டின. அதனால் இந்த முறை புதிதாக ஒன்றும் எழுதாமல், அதிகம் பேர் திரும்பத் திரும்பக் கேட்டவற்றை ஒரே இடத்தில் வைக்கிறேன். புதிதாகச் சேர்ந்தவர்கள் இதிலிருந்தே தொடங்கலாம்.

பாமினியிலிருந்தே தொடங்குகிறேன். யாழ்ப்பாணத்திலிருந்து எழுதிய ஓர் ஆசிரியை பதினைந்து வருட வினாத்தாள்களை இந்த எழுத்துருவில் வைத்திருந்தார். பாமினியில் ஆங்கில எழுத்துகளின் இடத்தில் தமிழ் வடிவங்களை உட்கார வைத்திருப்பார்கள். கணினியைப் பொறுத்தவரை அது `jkpo;` தான், "தமிழ்" இல்லை. அதனால் தேட முடியாது, வேறு கணினிக்கு அனுப்பினால் தெரியாது. ஒவ்வொரு எழுத்துக்கும் தனி எண் தரும் பொது முறையான யூனிகோடுக்கு மாற்றித்தர இலவசக் கருவிகள் நிறைய உண்டு. ஆனால் மாற்றும்முன் இரண்டு விஷயம் பாருங்கள். முதலில், கோப்பு உண்மையிலேயே பாமினிதானா? அதே காலத்தில் வேறு பல எழுத்துருக்களும் இருந்தன, ஒவ்வொன்றின் வரிசையும் வேறு. வேர்டில் அந்த வரியில் சொடுக்கினால் மேலே எழுத்துருவின் பெயர் தெரியும். அடுத்தது, கோப்பில் ஆங்கிலச் சொற்கள் கலந்திருந்தால் முழுவதையும் ஒரேயடியாக மாற்றியில் போடாதீர்கள். மாற்றிக்கு எது ஆங்கிலம், எது பாமினி என்று தெரியாது. ஆங்கிலச் சொல்லும் பொருளில்லாத தமிழாகிவிடும். வேர்டின் `Find` பெட்டியில் எழுத்துருவை வைத்தே தேடலாம். பாமினி பகுதியை மட்டும் பிரித்தெடுத்து மாற்றுங்கள். அந்த ஆசிரியை அப்படித்தான் ஒரு கோடை விடுமுறையில் எல்லாவற்றையும் மாற்றி முடித்தார். அப்புறம் அவரே இன்னும் மூன்று ஆசிரியர்களுக்குச் சொல்லிக்கொடுத்தாராம். அந்தக் கடிதத்தை எடுத்து வைத்திருக்கிறேன்.

ஏழாவது கட்டுரை தமிழ்99 விசைப்பலகை பற்றியது. 1999இல் சென்னையில் நடந்த தமிழ்இணையம் மாநாட்டை ஒட்டித் தமிழ்நாடு அரசு ஏற்றுக்கொண்ட விசைப்பலகை இது. "ammaa என்று அடித்தாலே அம்மா வந்துவிடுகிறதே, இது எதற்கு?" என்று நிறையப் பேர் கேட்டீர்கள். வாரத்துக்கு நாலு வரி எழுதுபவருக்கு ஒலிபெயர்ப்பே போதும், நான் மறுக்கவில்லை. தினமும் பக்கம் பக்கமாக அடிப்பவருக்குத்தான் இதைச் சொல்கிறேன். இதில் உயிரெழுத்துகள் இடப்பக்கம், மெய்கள் பெரும்பாலும் வலப்பக்கம். "அம்மா" என்பதற்கு `akkq`, நான்கே விசை. ஒரே மெய் இரண்டு முறை வந்தால் முதல் எழுத்துக்குப் புள்ளி தானாகவே விழும். மெல்லினத்தை அடுத்து அதன் இன வல்லினம் வந்தாலும் அப்படியே. "பந்து" என்பதற்கு `j;ld` அடித்தால் போதும், ந் மேல் புள்ளி தானாக வரும். புள்ளி வேண்டாத இடமும் உண்டு, "மமதை" மாதிரி. அங்கே நடுவில் ஓர் அகரம் தட்டுங்கள்: `kaklr`. விண்டோஸில் தமிழைச் சேர்த்து `Tamil 99` விசைப்பலகையைத் தேர்ந்தால், விண்டோஸ் விசையோடு இடைவெளிப் பட்டையை அழுத்தி ஆங்கிலத்துக்கும் தமிழுக்கும் மாறலாம். முதல் பத்து நாள் கை தடுமாறும், எரிச்சல் வரும். அதைத் தாண்டியவர் யாரும் பழையதுக்குத் திரும்பியதாக எனக்கு எழுதவில்லை.

எக்செல் பற்றிய இருபத்து மூன்றாவது கட்டுரைக்குத்தான் இன்றுவரை அதிகக் கடிதம் வருகிறது. பெயர்ப் பட்டியலைக் `CSV` ஆக வாங்கித் திறந்தால் `à®¤à®®` என்று வருகிறது என்பதுதான் கேள்வி. கோப்பு கெட்டுப்போகவில்லை. அதில் இருப்பது யூனிகோடைச் சேமிக்கும் யூடிஎஃப்-8 முறை, எக்செல் அதை வேறொரு பழைய குறியாக்கமாக நினைத்துப் படிக்கிறது, அவ்வளவுதான். அந்த நிலையில் சேமித்துவிடாதீர்கள், அப்படிச் சேமித்தால்தான் வம்பு. மூடிவிட்டு, வெற்றுத் தாளைத் திறந்து, `Data` பட்டியலில் `From Text/CSV` வழியாகக் கோப்பை எடுங்கள். `File Origin` என்ற இடத்தில் `65001: Unicode (UTF-8)` தேர்ந்தெடுங்கள். நீங்கள் அடுத்தவருக்கு அனுப்பும்போது `CSV UTF-8` என்று சேமித்து அனுப்பினால் அவருக்கு இந்தத் தொல்லை வராது.

கோயில் திருவிழாக் குழுவில் இருக்கும் ஒருவர், ஊர்க்காரர்களுக்குத் தமிழில் குறுஞ்செய்தி அனுப்பினால் செலவு இரட்டிப்பாகிறதே, ஏமாற்றுகிறார்களா என்று கேட்டிருந்தார். ஏமாற்று இல்லை. ஆங்கிலத்தில் ஒரு செய்திக்கு 160 இடம். ஒரே ஒரு தமிழ் எழுத்து கலந்தாலும் முழுச் செய்தியும் யூனிகோடாகி 70 இடத்துக்குச் சுருங்கிவிடும். உயிர்மெய்க் குறியும் புள்ளியும் தனித்தனி இடம் எடுக்கும். "திருமணம்" நம் கண்ணுக்கு ஐந்து எழுத்து, செய்தியில் எட்டு இடம். இதைச் சொன்ன பிறகு அவர் அழைப்பு வாசகத்தை இரண்டு வரியில் நறுக்கென்று எழுதி அனுப்பினார். என்னைக் கேட்டால் அதுதான் முன்னதைவிட நன்றாகவும் இருந்தது.

இதே விஷயம்தான் நிரல் எழுதும் மாணவர்களையும் படுத்துகிறது. கல்லூரி மாணவி ஒருவர் சொல் விளையாட்டு ஒன்று செய்யும்போது, "தமிழ்" என்பதற்கு நீளம் 5 என்று பைத்தான் சொல்வதைப் பார்த்துக் குழம்பி எழுதினார். அவருக்காக எழுதிய சிறு துண்டு இது:

```python
import unicodedata as u

def ezhuthu(s):
    s = u.normalize("NFC", s)
    return sum(1 for c in s if u.category(c)[0] != "M")

print(len("தமிழ்"), ezhuthu("தமிழ்"))   # 5 3
```

குறிகளையும் புள்ளியையும் விட்டுவிட்டு எழுத்துகளை மட்டும் எண்ணுகிறது. க்ஷ, ஸ்ரீ போன்ற கூட்டெழுத்துகளை இரண்டாக எண்ணும், அவை வரும் சொற்களைத் தனியாகக் கவனிக்க வேண்டும்.

அதில் `NFC` என்று ஒரு வரி இருக்கிறதே, அதற்குத் தனிக் கதை உண்டு. "கொ" என்பதைக் கணினியில் இரண்டு விதமாகச் சேமிக்கலாம்: க-வோடு ஒகரக் குறி ஒன்றாக, அல்லது க, கொம்பு, கால் என்று மூன்றாக. பார்வைக்கு ஒரு வித்தியாசமும் தெரியாது. ஆனால் ஒன்றைத் தேடினால் மற்றது கிடைக்காமல் போகலாம். `NFC` இரண்டையும் ஒரே வடிவத்துக்குக் கொண்டுவரும். ஆனால் ஔ என்பதை ஒ, ள என்று சேர்த்து அடித்திருந்தால் அதை `NFC` திருத்தாது. க-வுக்குப் பதில் தமிழ் எண் ௧, எ-வுக்குப் பதில் ௭ விழுந்த கோப்புகளும் வந்திருக்கின்றன. பட்டியலில் ஒரு பெயர் "இருக்கிறது, ஆனால் தேடினால் வரவில்லை" என்றால் முதலில் இவற்றைச் சந்தேகப்படுங்கள்.

அகரவரிசைக்கும் இங்கே ஒரு வார்த்தை. யூனிகோடு எண் வரிசையில் ள-வுக்குப் பிறகுதான் ழ. அதனால் சாதாரணமாக வரிசைப்படுத்தினால் "மளிகை" முன்னாலும் "மழை" பின்னாலும் போகும். அகராதியில் மழைதான் முன்னால். பெயர்ப் பட்டியல் அச்சுக்குப் போகுமுன் ழ, ள, ற, ன வரும் இடங்களை ஒருமுறை கண்ணால் பார்த்துவிடுங்கள்.

பிடிஎஃபிலிருந்து நகலெடுத்தால் தமிழ் சிதைகிறது என்பவர்களுக்குச் சுருக்கமாக: பல கோப்புகளில் எழுத்தின் வடிவம் மட்டுமே சரியாக இருக்கும், எழுத்து இருக்காது. பக்கத்தைப் படமாக்கி, படத்திலிருந்து எழுத்தை எடுக்கும் டெசராக்ட் மென்பொருளில் கொடுங்கள், `tesseract page.png out -l tam`. தமிழ்த் தரவைத் தனியாக நிறுவியிருக்க வேண்டும். படம் 300 டிபிஐக்குக் குறையாமல் இருக்கட்டும். வருவதை வரி வரியாக மெய்ப்புப் பார்த்தே தீர வேண்டும்.

திருத்தம் சொன்னவர்களுக்கும் நன்றி சொல்ல வேண்டும். நாற்பத்தோராவது கட்டுரையில், பழைய கணக்கோலைகளில் வரும் காணி, மா போன்ற பின்னக் குறிகளுக்கு யூனிகோடில் இடமில்லை என்று எழுதிவிட்டேன். ஓய்வுபெற்ற நூலகர் ஒருவர் பொறுமையாக எடுத்துச் சொன்னார்: 2019இல் வந்த யூனிகோடு 12.0 பதிப்பில் இவற்றுக்கென்றே தனித் தொகுதி சேர்ந்திருக்கிறது, மொத்தம் 51 குறிகள். தப்பை மட்டும் சொல்லி நிறுத்தாமல், குறிகளைத் தன் கையால் வரைந்து, பக்கத்தில் எண்ணையும் எழுதி அனுப்பியிருந்தார். அந்தத் தாள் என் மேசைக்கு எதிரே சுவரில் இருக்கிறது. ஐயா, உங்களுக்கு என் வணக்கம்.

அந்த வாழ்க்கைக் குறிப்பு என்ன ஆயிற்று என்று அவ்வப்போது யாராவது கேட்கிறீர்கள். முழுவதையும் யூனிகோடுக்கு மாற்றி, குடும்பத்துக்கு மட்டும் நாற்பது பிரதி அச்சிட்டார்கள். ஒரு பிரதி கடைக்கும் வந்தது.

அடுத்த கட்டுரை மட்டக்களப்பிலிருந்து வந்த கேள்விக்கு: கைப்பேசியில் சரியாகத் தெரியும் தமிழ், அச்சகத்துக் கணினியில் கொம்பும் காலும் பிரிந்து தெரிவது ஏன்? உங்களுக்கும் அப்படி நடந்திருந்தால் எழுதுங்கள். எழுதும்போது எழுத்துருவின் பெயர், எந்த மென்பொருளில் திறந்தீர்கள் என்பது, திரையின் படம் ஒன்று, இந்த மூன்றும் இருந்தால் போதும். முடிந்தால் மூலக் கோப்பில் ஒரு பத்தியை மட்டும் வெட்டி அனுப்புங்கள். சொந்த விவரங்கள் இருக்கும் பக்கம் வேண்டாம்.