எட்டுக் கறுப்பு

மழை வலுத்ததும் கரண்ட் போய்விட்டது. வீட்டைக் காலி செய்ய வந்திருந்தது நாங்கள் இருவர்தான். பீரோவை நகர்த்தியபோது பின்னாலிருந்து கேரம் போர்டு சரிந்தது. தம்பி அதைத் தாங்கிப் பிடித்தான். காலையிலிருந்து "இது வேணுமா?", "தூக்கிப் போட்டுடவா?" தவிர நாங்கள் ஒன்றும் பேசவில்லை. 11 வருஷமாகவே ஏறக்குறைய அப்படித்தான்.

"ஒரு ஆட்டம் போடலாமா?" என்றான்.

ஜன்னலோரம் தரையில் போட்டோம். ஈரக்காற்றில் பலகை பிசுபிசுத்தது. ஸ்ட்ரைக்கர் பாதி வழியில் நின்றது. டப்பாவில் மிச்சமிருந்த பவுடரைக் கொட்டித் தேய்த்தான். எங்கள் செட்டில் ரெட் எப்போதோ தொலைந்துபோய், ஒரு கறுப்புக் காய்க்கு என் நெயில் பாலிஷைப் பூசியிருந்தோம். ஆக, வெள்ளை ஒன்பது, கறுப்பு எட்டு. சின்னவன் என்பதால் கறுப்பு எப்போதும் அவனுக்கு. இப்போதும் கேட்காமலே நான்தான் முதலில் அடித்தேன்.

மூன்று வெள்ளை போட்டிருப்பேன்.

"அக்கா, அந்த லெட்டர்."

வேலையில் வந்து சேரச் சொன்ன கடிதம். வாங்கி வைத்தவன் அவன். கெடு முடிந்த பிறகுதான் என் கைக்கு வந்தது. மறந்துவிட்டேன் என்றான். பொறுப்பில்லாதவன், உருப்படவே மாட்டாய் என்று சொந்தக்காரர்கள் எல்லோர் முன்னாலும் கத்தினேன். அவனுக்கு அப்போது 16 வயது.

"மறக்கலை. ஒளிச்சு வெச்சேன்."

என் ஸ்ட்ரைக்கர் நேராகக் குழியில் போய் விழுந்தது. ஃபைன். போட்ட காயில் ஒன்றை எடுத்து நடுவில் வைத்தேன். கேட்க எவ்வளவோ இருக்க, வாயில் வந்தது இதுதான்: "எங்கே?"

"இந்தப் போர்டுக்குப் பின்னாடி." குனிந்தபடியே சொன்னான். "நீ போயிட்டா, அப்பா கத்தும்போது நான் யார்கூட உட்காருவேன்?"

அப்பா குரலை உயர்த்தினால் இதைத் தூக்கிக்கொண்டு மாடிப்படிக்கடியில் போய்விடுவோம். காய்ச் சத்தத்தில் மற்றது கேட்காது. போவதைப் பற்றி அத்தனை திட்டம் போட்டவள் நான். அங்கே அவன் தனியாக உட்கார்ந்திருப்பான் என்று ஒருநாளும் நினைத்ததில்லை.

"அப்புறமாவது சொல்லியிருக்கலாம்லடா."

"நீ அப்படிப் பேசினதுக்கப்புறமா?"

கோபம் வந்தது. வரவில்லை என்றால் பொய். ஆனால் அது முழுவதும் அவன் மேல் இல்லை.

"அதை நான் சொல்லியிருக்கக் கூடாது," என்றேன். "அதுவும் எல்லார் முன்னாடியும்."

தலையாட்டிவிட்டு ரெட்டைப் போட்டான். ஃபாலோவாக அவனுடைய கடைசிக் கறுப்பும் விழுந்தது. ஆட்டம் அவனுக்கே.

மழை விடவில்லை. காய்களை மறுபடி அடுக்கினேன். ஸ்ட்ரைக்கரை எடுக்கக் கை நீட்டுவதற்குள் அவன் எடுத்துக்கொண்டான்.

"இந்தத் தடவை வெள்ளை எனக்கு."

"ஒன்பது இருக்குடா."

"தெரியும்," என்று சொல்லி, பவுடரை ஊதிவிட்டு அடித்தான்.