நேற்றைய டீக்கு நன்றி, சார்

வணக்கம் சார்,

நேற்று அவிநாசி ரோடு பேக்கரியில் டீ வாங்கிக் கொடுத்து, அவ்வளவு நேரம் பொறுமையாகப் பேசியதற்கு மிக்க நன்றி. சேருவதற்கு முன்பே உங்களோடு உட்கார்ந்து பேசக் கிடைத்ததில் ரொம்ப சந்தோஷம்.

நிட் துணி ரோலைப் பிரித்து, கட்டிங்குக்கு முன் 24 மணி நேரம் தளர விட வேண்டும், எவ்வளவு அவசர ஆர்டரானாலும் அந்த நேரத்தில் கை வைக்கக் கூடாது என்றீர்களே, அது மனதில் அப்படியே நிற்கிறது. பில்லின் பின்பக்கம் நீங்கள் வரைந்து காட்டிய படத்தைப் பத்திரமாக வைத்திருக்கிறேன். இப்படிச் சொல்லித் தருபவரிடம் வேலை பார்க்கப் போவது என் அதிர்ஷ்டம்.

அப்புறம், அந்தத் தேங்காய் பன் அம்மாவுக்கும் பிடித்திருந்தது.

திங்கட்கிழமை காலை எட்டரைக்கு யூனிட்டில் இருப்பேன். நீங்கள் கேட்ட சான்றிதழ் நகல்களையும் கொண்டு வருகிறேன்.

அன்புடன்,
கவிதா