டிரான்ஸ்ஃபார்மர் ஆயில் பி.டி.வி. டெஸ்ட்: தமிழ்க் குரல் பதிவு

[0:00 – கீழ் வால்வு]
ஆயில் பார்க்கத் தெளிவாகத்தான் இருக்கும். அதில் கலந்திருக்கும் ஈரம் கண்ணுக்குத் தெரியாது, அதனால்தான் ஆயில் எவ்வளவு வோல்டேஜ் வரை தாங்கும் என்று பார்க்கும் இந்த பிரேக்டவுன் வோல்டேஜ் டெஸ்ட், அதாவது பி.டி.வி. வால்வைத் துணியால் துடைத்துவிட்டு, முதலில் வரும் ஆயிலைத் தனி வாளியில் வடிய விடுங்கள், ஏனென்றால் வால்வில் தேங்கிய அழுக்கும் தண்ணீரும் அதோடுதான் வரும். மழையில் சாம்பிள் எடுக்கவே வேண்டாம்.

[0:22 – டெஸ்ட் கப்]
கப்பின் உட்புறத்தைக் கையால் தொடாதீர்கள், விரல் ஈரமே ரீடிங்கைக் கெடுத்துவிடும். அதே ஆயிலால் கப்பை அலசுங்கள். எலக்ட்ரோடு இடைவெளி 2.5 மில்லிமீட்டர், கேஜ் வைத்துப் பாருங்கள். குமிழி வராமல் மெதுவாக ஊற்றி, குறைந்தது 5 நிமிடம் விடுங்கள்.

[0:45 – மெஷின், மூடி பூட்டும் சத்தம் கேட்கட்டும்]
சரி, மூடியைப் பூட்டியாச்சா? இனி வோல்டேஜ் நொடிக்கு 2 கிலோவோல்ட் வீதம் ஏறும்...

[பொறி தெறிக்கும் வரை மௌனம்]

இதுதான் பிரேக்டவுன், ஆயில் தாங்காமல் பொறி பாய்ந்துவிட்டது. அந்த வோல்டேஜ்தான் ரீடிங். 2 நிமிட இடைவெளி விட்டு, இப்படி மொத்தம் 6 முறை.

[1:10 – திரை]
ஆறின் சராசரிதான் ரிசல்ட். ஒரு ரீடிங் குறைந்துவிட்டது என்று அதை விட்டுவிட்டுக் கணக்குப் போடாதீர்கள்.