மெய்ப்புத் திருத்துநர் பணிக்கான விண்ணப்பக் கடிதம்

அனுப்புநர்:
ச. தேன்மொழி,
செந்தூல், கோலாலம்பூர்.

பெறுநர்:
பதிப்பாசிரியர் அவர்கள்,
தமிழ் நூல் பிரிவு, கோலாலம்பூர்.

14 அக்டோபர் 2024

பொருள்: மெய்ப்புத் திருத்துநர் பணிக்கு விண்ணப்பம்

மதிப்பிற்குரிய பதிப்பாசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். உங்கள் பதிப்பகத்துக்கு மெய்ப்புத் திருத்துநர் ஒருவர் தேவை என்ற அறிவிப்பை எங்கள் துறையின் பலகையில் பார்த்தேன். அந்த வேலை கேட்டு இதை எழுதுகிறேன். மலாயாப் பல்கலைக்கழக இந்திய ஆய்வியல் துறையில் தமிழ் இலக்கியத்தில் கவனம் செலுத்திப் படித்து, இந்த ஆண்டு இளங்கலைப் படிப்பை முடித்தேன். முழுநேர வேலையில் இதுவரை இருந்ததில்லை. ஆனால் மூன்று ஆண்டுகளாகப் புரூப் பார்த்து வருகிறேன். மாணவர்கள் கொண்டுவந்த ஆண்டு மலர் இரண்டுக்குப் பார்த்தேன். செந்தூலில் ஓர் அச்சகத்தில் பகுதி நேரமாகக் கல்யாணப் பத்திரிகை, கோயில் திருவிழா மலர் எல்லாம் பார்த்தேன். கடைசி ஆண்டில் அதே அச்சகத்துக்கு வந்த ஒரு சிறுகதைத் தொகுப்பை முதல் மெய்ப்பிலிருந்து அச்சுக்குப் போகும்வரை நான்தான் பார்த்தேன்.

இந்த வேலைமேல் எனக்கு ஏன் இவ்வளவு பிடிப்பு என்று சொல்ல என் பாட்டியைப் பற்றிச் சொல்ல வேண்டும். அப்பாவின் அம்மா. பெயர் அஞ்சலை. கோலசிலாங்கூர் பக்கம் ஒரு தோட்டத்தில் முப்பது ஆண்டுகளுக்கு மேல் பால்மரம் வெட்டியவர். நான் நான்காம் படிவம் படிக்கும்போது காலமானார். பதினாறாம் நாள் காரியத்தை ஒட்டி அப்பா ஒரு நாளிதழில் அறிவிப்புக் கொடுத்தார். வாசகத்தைத் தன் கையாலேயே எழுதிக் கொடுத்தார். அச்சாகி வந்தபோது மேலே பெரிய எழுத்தில் 'கண்ணீர் அஞ்சலி' என்று இருந்தது. படத்துக்குக் கீழே 'திருமதி அஞ்சலி' என்று இருந்தது. அப்பா யாரையும் திட்டவில்லை. அந்தத் துண்டை வெட்டி எடுத்து, பேனாவால் 'லி'யை 'லை' ஆக்கி, பாட்டியின் அடையாள அட்டையோடு சேர்த்து அலமாரியில் வைத்தார். இன்னும் அங்கேதான் இருக்கிறது.

அந்தப் பிழை எப்படி நடந்தது என்பது புரூப் பார்க்க ஆரம்பித்த பிறகுதான் எனக்குப் புரிந்தது. தலைப்பில் அஞ்சலி என்று படித்த கண், இரண்டு வரி தள்ளியும் அதையே எதிர்பார்த்திருக்கிறது. தாளில் அப்பா எழுதியிருந்ததை அது பார்க்கவே இல்லை. அதனால்தான் பெயர்களுக்கு என்று நான் எப்போதும் தனியாக ஒரு சுற்றுப் போகிறேன். மூலப்படியைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு, வாக்கியத்தைப் படிக்காமல், பெயர்களை மட்டும் எழுத்தெழுத்தாக விரல் வைத்து ஒப்பிடுவேன். கல்யாணப் பத்திரிகையில் நாற்பது பெயர் இருந்தாலும் இதை விடுவதில்லை.

இன்னொன்றும் பாட்டியிடமிருந்து வந்ததுதான். நான் சொன்ன அந்தச் சிறுகதைத் தொகுப்பில் ஒரு கதை. விடியற்காலையில் ஒரு பெண் கைப்பிள்ளையை ஆயாக் கொட்டகையில் விட்டுவிட்டுப் 'பெரட்டுக்கு' ஓடுகிறாள். முதல் மெய்ப்பில் அது 'புரட்டுக்கு' என்று இருந்தது. தட்டச்சு செய்தவருக்குப் பெரட்டு தெரியாது, புரட்டு தெரியும். ஆசிரியர் தவறாக எழுதிவிட்டார் என்று எண்ணி, நல்ல மனத்தோடுதான் மாற்றியிருக்கிறார். வேலைக்கு முன்னால் ஆள் கணக்கெடுக்கத் தோட்டத்து மக்களைக் கூட்டி நிறுத்துவது பெரட்டு. பாட்டி வாயால் நூறு தடவை கேட்ட சொல் என்பதால் எனக்கு உடனே உறைத்தது. கையெழுத்துப் படியை எடுத்துப் பார்த்தேன், பெரட்டு என்று தெளிவாகவே எழுதியிருந்தார். அதே கதையில் இன்னும் இரண்டு இடத்தில் அதே மாற்றம் நடந்திருந்தது. அப்படியே அச்சாகியிருந்தால், பிள்ளையை விட்டுவிட்டு வேலைக்கு ஓடுகிற ஒரு தாய் ஏதோ ஏமாற்று வேலைக்குப் போகிறவளாக ஆகியிருப்பாள்.

அன்றிலிருந்து, எனக்குத் தெரியாத சொல்லைப் பிழை என்று நான் குறிப்பதில்லை. அகராதியில் தேடுவேன், பெரியவர்களிடம் கேட்பேன், அப்போதும் தெளியவில்லை என்றால் ஓரத்தில் கேள்விக்குறி போட்டு ஆசிரியரையே கேட்பேன். நம் எழுத்தாளர் மங்கு என்று எழுதினால் அது மரத்தில் பால் வடிகிற கிண்ணம். சடக்கு என்றால் சாலை. பசியாறினார்கள் என்றால் காலையில் சாப்பிட்டார்கள். கித்தா, காண்டா வாளி, வெளிக்காடு எல்லாம் இங்கே வாழ்ந்தவர்களின் சொற்கள். வேறு ஊரில் அச்சான அகராதியை வைத்துக்கொண்டு இவற்றைச் சரிசெய்யப் போனால் கதையே போய்விடும். மலேசியத் தமிழ் நூலுக்கு மெய்ப்புப் பார்ப்பதில் பாதி, எதைத் தொடக் கூடாது என்று தெரிந்து வைத்திருப்பதுதான் என்பது என் கருத்து. என் இறுதியாண்டு ஆய்வேடும் இதைப் பற்றியதுதான். தோட்டப்புறச் சிறுகதைகளில் வரும் 212 சொற்களை, அவை வந்த வாக்கியங்களோடு தொகுத்துப் பொருள் எழுதியிருக்கிறேன். உங்களுக்குப் பயன்படும் என்றால் அந்தப் பட்டியலைத் தருகிறேன்.

அதே சமயம், தொட வேண்டிய இடத்தில் நான் தயங்குவதில்லை. ஒற்று மிகுவதையும் மிகாததையும் காதை மட்டும் நம்பி முடிவு செய்ய முடியாது. 'வேலை கேட்டான்' என்றால் ஒருவன் உத்தியோகம் கேட்டிருக்கிறான். நடுவில் ஒரு 'க்' சேர்ந்து 'வேலைக் கேட்டான்' என்று ஆனால், முருகன் கையில் இருக்கும் வேலைக் கேட்டிருக்கிறான். முதலாவதில் இரண்டாம் வேற்றுமை உருபு மறைந்து நிற்கிறது, அதனால் மிகவில்லை. இரண்டாவதில் வேல் என்ற சொல்லோடு ஐ வெளிப்படையாக நிற்கிறது, அதனால் மிகுந்தது. தைப்பூச மலர்களுக்குப் புரூப் பார்த்தபோது இந்த வேறுபாட்டைப் பலருக்கும் விளக்க வேண்டியிருந்தது. சுவற்றில், பதட்டம், அவைகள் போன்றவற்றை ஆசிரியர் கூற்றில் பார்த்தால் சுவரில், பதற்றம், அவை என்று குறிப்பேன். பாத்திரங்கள் பேசும் இடத்தில் வந்தால் விட்டுவிடுவேன். பேசுகிறவர் அப்படித்தான் பேசுவார்.

உங்கள் பதிப்பகம் கொண்டுவந்த சிறுகதைத் தொகுப்புகளில் நான்கைத் தொடர்ந்து படித்திருக்கிறேன். ஊர்ப்பெயர்கள் நான்கிலும் ஒரே மாதிரி இருக்கின்றன. ஜொகூர் ஒரு பக்கத்திலும் ஜோகூர் இன்னொரு பக்கத்திலும் வருவதில்லை. பத்துமலை எங்கேயும் 'பத்து மலை' என்று பிரிந்து நிற்கவில்லை. அந்தப் பத்து, கல் என்ற பொருளுள்ள மலாய்ச் சொல் என்பது தெரிந்த ஒருவர் அங்கே உட்கார்ந்து பார்த்திருக்கிறார் என்று தோன்றியது. அவரோடு வேலை செய்து கற்றுக்கொள்ள ஆசைப்படுகிறேன். கோயிலா கோவிலா என்பது போல இரண்டும் சரியான இடங்களில் என் விருப்பத்தைத் திணிக்க மாட்டேன். உங்கள் நடைமுறை எதுவோ அதையே நூல் முழுதும் பின்பற்றுவேன்.

பழைய நூல்களை மறுபதிப்புச் செய்வதாகவும் அறிவிப்பில் சொல்லியிருந்தீர்கள். அதில் எனக்குத் தனி ஆர்வம் உண்டு. தமிழ்நாட்டில் 1978இல் எழுத்துச் சீர்திருத்தம் வருவதற்கு முன் லை, னை, ணா, றா போன்றவை வேறு வடிவத்தில் அச்சாயின. ஆய்வேட்டுக்காக அந்தப் பழைய அச்சில் நிறையப் படித்ததால் தடையின்றி வாசிப்பேன். பழக்கமில்லாதவர் தட்டச்சு செய்யும்போது எந்தெந்த இடத்தில் தடுமாறுவார் என்பதும் ஓரளவு தெரியும். மின்னூலுக்கு இன்னொரு சிக்கல் இருக்கிறது. கௌரவம் என்ற சொல்லில் ஔகாரக் குறியைப் போடாமல், ஒற்றைக்கொம்பும் தனி 'ள'வும் அடித்திருப்பார்கள். தாளில் பார்த்தால் வித்தியாசம் தெரியாது. ஆனால் வாசகர் அந்தச் சொல்லைத் தேடினால் கிடைக்காது. பழைய எழுத்துருவில் இருந்து யுனிகோடுக்கு மாற்றிய கோப்பு வந்தால், படிப்பதற்கு முன்பே இப்படிப்பட்டவற்றைத் தேடித் திருத்திவிடுவேன். தட்டச்சுக்கு அஞ்சல் விசைப்பலகையும் தமிழ்99உம் பழக்கம். மலாயும் ஆங்கிலமும் நன்றாக வாசிப்பேன், எனவே உள்பக்கத்தில் மலாயில் வரும் பதிப்புரிமை விவரங்களையும் தேசிய நூலகத்தின் பட்டியல் குறிப்பையும் சேர்த்தே பார்க்க முடியும்.

என் கையால் தவறிய ஒன்றையும் சொல்லிவிடுகிறேன். முதல் ஆண்டு மலரில், கடைசி நேரத்தில் புகைப்படப் பக்கம் நான்கு சேர்த்தோம். உள்ளே பக்க எண்கள் மாறின, பொருளடக்கத்தை நான் மறுபடி பார்க்கவில்லை. பாதிக் கட்டுரைகளுக்குப் பக்க எண் தவறாகவே அச்சானது. அதற்குப் பிறகு, எவ்வளவு சிறிய மாற்றம் வந்தாலும் பொருளடக்கம், மேல்தலைப்பு, அடிக்குறிப்பு எண் மூன்றையும் திரும்பப் பார்த்த பிறகுதான் பக்கங்களைக் கொடுக்கிறேன். என் வேகம் முதல் மெய்ப்பில் மணிக்கு எட்டுப் பக்கம், இரண்டாம் மெய்ப்பில் பன்னிரண்டு வரை. பழகப் பழக இது கூடும். ஆனால் அவசரத்துக்காக மூலப்படியோடு ஒப்பிடுவதை விட்டு வேகத்தைக் கூட்ட விரும்பவில்லை.

நவம்பர் 1 முதல் வேலையில் சேர முடியும். செந்தூலிலிருந்து ரயிலில் வந்துவிடுவேன். சம்பளமாக மாதம் 2,300 ரிங்கிட் எதிர்பார்க்கிறேன், இதைப் பற்றிப் பேசலாம். நேர்காணலுக்கு முன் உங்கள் நூலிலிருந்து பத்துப் பக்கம் கொடுத்துச் சோதித்துப் பார்த்தால் மகிழ்வேன். தாளிலும் குறிப்பேன், பிடிஎஃப் கோப்பிலும் குறிப்பேன். தன்விவரக் குறிப்பு, படிப்புச் சான்றிதழ் நகல், அந்தச் சிறுகதைத் தொகுப்பில் நான் திருத்திய மூன்று பக்கங்களின் நகல் ஆகியவற்றை இணைத்திருக்கிறேன். பக்கங்களை ஆசிரியரின் அனுமதி பெற்றே அனுப்புகிறேன். இரண்டாவது பக்கத்தின் ஓரத்தில் 'பெரட்டு — மூலம் காண்க' என்று சிவப்பு மையில் இருப்பது என் கையெழுத்து.

நன்றி.

இப்படிக்கு,
ச. தேன்மொழி