தடம் 2: காரின் முன்கண்ணாடிக்கு ஒரு டேஷ்கேம்

உங்களுக்கு முன்னால் சாலையில் நடப்பதைத் தடம் 2 பதிவு செய்கிறது. முன்பக்கம் மட்டும்தான், பின்பக்கக் கேமரா இதில் இல்லை, பிறகு வாங்கி இணைக்கவும் வழி இல்லை. இரண்டு பக்கமும் வேண்டும் என்றால் இது உங்களுக்கான பொருள் அல்ல.

வீடியோ 2560×1440 அளவில், நொடிக்கு 30 பிரேம்களாகப் பதிவாகிறது. பெட்டியின் மேல் 4கே என்று அச்சிட எங்களுக்கும் ஆசைதான். சிறிய சென்சாரில் எடுத்த படத்தை மென்பொருளால் இழுத்துப் பெரிதாக்கி, அந்த எழுத்தைப் போட்டுவிடலாம். கோப்பு பெரிதாகும், கார்டு சீக்கிரம் நிரம்பும், படத்தில் புதிதாக ஒரு புள்ளிகூடத் தெரியாது. அதனால் சென்சார் உண்மையில் பார்ப்பதை மட்டுமே எழுதியிருக்கிறோம்: 5 மெகாபிக்சல், 1/2.8 அங்குலச் சென்சார், எஃப் 1.8 லென்ஸ்.

பார்வைக் கோணம் மூலைக்கு மூலை 140 டிகிரி. இதைவிட அகலமான லென்ஸ் போட்டால் நடைபாதையின் கடைசிவரை படத்தில் விழும். ஆனால் முன்னால் போகும் கார் தீப்பெட்டி அளவுக்குச் சுருங்கிவிடும். இந்தக் கோணத்தில், நல்ல வெயிலில், உங்கள் தடத்தில் 8 மீட்டர் தூரத்துக்குள் செல்லும் வண்டியின் நம்பர் பிளேட்டை வீடியோவை நிறுத்திப் படிக்கலாம். அதற்கு அப்பால் வண்டியின் நிறமும் வகையும் தெரியும், எண்ணுக்கு உத்தரவாதம் இல்லை.

எல்இடி சிக்னல்கள் சில வீடியோக்களில் அணைந்து அணைந்து எரிவதைப் பார்த்திருப்பீர்கள். மின்சாரத்தின் அலைவோடு சேர்ந்து அந்த விளக்குகள் கண்ணுக்குத் தெரியாத வேகத்தில் துடிக்கின்றன. கேமராவின் பிரேம் வேகம் அந்தத் துடிப்போடு ஒத்துப்போகும்போது சில நொடிகள் சிக்னலே எரியாததுபோல் பதிவாகும். சிவப்பா பச்சையா என்பதுதான் வழக்கே என்றால் இது சின்ன விஷயம் அல்ல. அமைப்புகளில் நொடிக்கு 27.5 பிரேம் என்ற தேர்வு இதற்காகவே இருக்கிறது. துடிப்பு அறவே போய்விடாது. விளக்கு நீண்ட நேரம் இருண்டு கிடப்பது குறையும்.

இனி இரவு. டேஷ்கேம் விற்பவர்கள் அதிகம் பொய் சொல்லும் இடம் இதுதான், அதனால் கொஞ்சம் விரிவாகவே சொல்லிவிடுகிறோம்.

வெளிச்சம் குறைந்ததும் ஒவ்வொரு பிரேமுக்கும் கேமரா தன் கண்ணை அதிக நேரம் திறந்து வைத்திருக்க வேண்டியிருக்கிறது. இருட்டான சாலையில் அது நொடியில் முப்பதில் ஒரு பங்குவரை போகும். கணக்குப் போட்டுப் பாருங்கள்: நீங்கள் மணிக்கு 60 கிலோமீட்டர் வேகத்தில் போகிறீர்கள், எதிரே ஒருவர் அதே வேகத்தில் வருகிறார். அந்த முப்பதில் ஒரு பங்கு நொடியில் இரண்டு வண்டிக்கும் இடையிலான தூரம் 1 மீட்டருக்கு மேல் குறைந்துவிடுகிறது. அந்தப் பிரேமில் நம்பர் பிளேட் வெறும் வெள்ளைத் தீற்றலாகத்தான் விழும். அதில் எந்த மென்பொருளாலும் எழுத்தை மீட்க முடியாது.

எதிர்த் தடத்தில் விரைந்து வரும் வண்டியின் எண் எங்கள் கேமராவில் இரவில் தெரியாது. உங்களைச் சட்டென முந்திப் போகும் வண்டியின் எண் சில பிரேம்களில் கிடைக்கலாம், கிடைக்காமலும் போகலாம். உங்களுக்கு முன்னால் ஏறக்குறைய அதே வேகத்தில், 5 மீட்டருக்குள், தெருவிளக்கு உள்ள சாலையில் போகும் வண்டியின் எண் பெரும்பாலும் தெரியும். சிக்னலில் நிற்கும் வண்டியிலோ வேறொரு தொல்லை: உங்கள் முகப்பு விளக்கின் ஒளி பிளேட்டில் பட்டு நேராகத் திரும்பி வருவதால் அது பளிச்சென்று வெளுத்துவிடும். ஒரே படத்தில் மிகப் பளிச்சென்ற இடத்தையும் இருண்ட இடத்தையும் சமன்செய்யும் டபிள்யூடிஆர் வசதி அந்த வெளுப்பை ஓரளவு அடக்குகிறது. ஹை பீமை இறக்கினால் இன்னும் நன்றாகப் படிக்கலாம்.

யார் எந்தத் தடத்தில் வந்தார், சிக்னல் என்ன நிறத்தில் இருந்தது, யார் முதலில் திரும்பினார், பிரேக் விளக்கு எப்போது எரிந்தது என்பதெல்லாம் இரவிலும் தெளிவாகப் பதிவாகும். நடந்தது என்ன என்று இரவு வீடியோ சொல்லும். மோதியவர் யார் என்று எல்லா நேரமும் சொல்லாது. எண்ணைப் பார்த்தால் அதை வாய்விட்டுச் சொல்லிவிடுங்கள், மைக் பதிவு செய்துகொள்ளும்.

எங்கள் மாதிரி இரவு வீடியோக்கள் கேமராவிலிருந்து எடுத்தபடியே தரப்படுகின்றன, பிரகாசம் கூட்டவில்லை. விளக்கே இல்லாத சாலையில் எடுத்த ஒன்றும் அவற்றில் இருக்கிறது, அதில் முகப்பு விளக்கு எட்டாத இடமெல்லாம் கறுப்பாகவே இருக்கிறது. ஒரு வேண்டுகோள்: கண்ணாடியில் டேஷ்போர்டின் பிரதிபலிப்பு விழாமல் தடுக்கும் போலரைசர் வில்லை வாங்கினால், பகலில் மட்டும் மாட்டுங்கள். உள்ளே வரும் ஒளியில் பாதிக்கு மேல் அது விழுங்கிவிடும். முன்கண்ணாடியின் உட்புறத்தையும் துடைத்து வையுங்கள். அங்கே படியும் மெல்லிய படலம் எதிர் விளக்கு ஒவ்வொன்றையும் ஒளிப்பந்தாக மாற்றிவிடுகிறது.

மெமரி கார்டு பெட்டியில் கிடையாது. மைக்ரோ எஸ்டி, 32 முதல் 256 ஜிபி வரை ஏற்கும். கார்டின் மேல் U எழுத்துக்குள் 3 என்ற எண்ணோ V30 என்ற குறியோ இருக்க வேண்டும். அதைவிட முக்கியம், இடைவிடாத பதிவுக்கென்று தயாரிக்கப்படும் ‘ஹை எண்டுரன்ஸ்’ வகையாக இருப்பது. போனுக்கு வாங்கும் கார்டில் எப்போதாவதுதான் எழுதுகிறோம்; டேஷ்கேம் வண்டி ஓடும் நேரமெல்லாம் எழுதி, அழித்து, மறுபடி எழுதுகிறது. சாதாரணக் கார்டு சத்தமில்லாமல் செத்துப்போகும், விபத்து நடந்த பிறகுதான் அது தெரியவரும். கார்டைத் தூக்கிப் பெட்டியில் போட்டுக் கொடுத்தால் விலை குறைந்ததைத்தான் போடத் தோன்றும் என்பதால் அந்தச் சலுகையை விட்டுவிட்டோம்.

1440 அளவில் ஒரு மணி நேரப் பதிவுக்குச் சுமார் 9 ஜிபி ஆகிறது. 64 ஜிபி கார்டில் ஏறத்தாழ 7 மணி நேரம், 128 ஜிபியில் 14 மணி நேரம். நிரம்பியதும் பழைய கோப்புகள் மேல் எழுதப்படும். கோப்புகள் 3 நிமிடத் துண்டுகளாக இருக்கும்; அதிர்வை உணர்ந்தால் அந்தத் துண்டு அழியாதபடி பூட்டப்படும். குண்டும் குழியுமான சாலையிலும் பூட்டிக்கொண்டே போகும், அதனால் உணர்திறனைக் குறைவில் வைத்துத் தொடங்குங்கள். மாதம் ஒருமுறை, தேவையானதை எடுத்துக்கொண்டு, கேமராவிலேயே கார்டை ஃபார்மட் செய்யுங்கள்.

மின்சாரத்துக்கு 3.5 மீட்டர் யுஎஸ்பி-சி கேபிளும், சிகரெட் லைட்டர் சாக்கெட்டில் பொருந்தும் அடாப்டரும் உண்டு; 12 வோல்ட், 24 வோல்ட் இரண்டிலும் வேலை செய்யும். வெளியீடு 5 வோல்ட், 2.4 ஆம்பியர். காரில் ஏற்கெனவே உள்ள யுஎஸ்பி துளையில் செருக வேண்டாம். பலவற்றில் மின்னோட்டம் போதாது, கேமரா அணைந்து அணைந்து எழும். கேபிளைக் கூரை ஓரமாகச் செருகிக் கீழே இறக்கும்போது, ஏர்பேக் மூடியின் குறுக்கே போகாமல் பின்புறமாகக் கொண்டுசெல்லுங்கள்.

நிறுத்திய வண்டியிலும் பதிவு வேண்டுமானால் மூன்று கம்பிகள் கொண்ட ஹார்டுவயர் கிட்டைத் தனியாக வாங்கி, பியூஸ் பெட்டியில் ஒரு எலக்ட்ரீசியனைக் கொண்டு இணைக்க வேண்டும். கேமரா சுமார் 4 வாட் எடுக்கிறது. ஒரு முழு இரவுக்கு பேட்டரியிலிருந்து 4 முதல் 5 ஆம்பியர்-மணி போகும். பேட்டரி 12 வோல்ட்டுக்குக் கீழே இறங்கினால் கிட் தானே துண்டித்துக்கொள்ளும். பழைய பேட்டரி என்றால் இந்த வசதியைத் தொடாதீர்கள்.

கேமராவுக்குள் லித்தியம் பேட்டரி இல்லை, சூப்பர் கெபாசிட்டர் இருக்கிறது. மூடிய காரின் வெயிலில் உப்பி வீங்குவது லித்தியத்தின் குணம். கெபாசிட்டர் வெப்பத்தை நன்றாகத் தாங்கும். பதிலாக, மின்சாரம் நின்றதும் கடைசிக் கோப்பை மூடச் சில நொடிகள் மட்டுமே தாக்குப்பிடிக்கும். கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு படம் பிடிக்க முடியாது.

பெட்டியில்: கேமரா, ஒட்டும் தாங்கி, கூடுதலாக ஒரு ஒட்டுப்பட்டை, கேபிள், அடாப்டர், கேபிள் செருகும் பிளாஸ்டிக் நெம்பு, தமிழ்க் கையேடு.