சாட்ஸ்வொர்த் பேட்டரி ஸ்வாப் நிலையம்: முதல் வருடத் திட்டம்

மாமாவுக்கும் ரவி அண்ணனுக்கும்,

பணம் போடும் முன் கணக்கை முழுதாகப் பார்க்க வேண்டும் என்றீர்கள், சரி, இதுதான் முழுக் கணக்கு. மின்சார பைக் என்றதும் எல்லோரும் இடத்துக்கு எவ்வளவு, கரண்டுக்கு எவ்வளவு என்றுதான் கேட்கிறார்கள். இரண்டும் முக்கியம்தான், ஆனால் இந்தத் தொழிலில் லாபமா நட்டமா என்பதைத் தீர்மானிப்பது வேறொன்று: ஒரு பேட்டரி ஒரு நாளில் எத்தனை முறை சார்ஜ் ஆகி வெளியே போகிறது என்பது.

யாருக்கு விற்கிறோம்

வீட்டுக்கு ஒரு ஸ்கூட்டர் வைத்திருப்பவர்களை நம்பி ஆரம்பிக்கக் கூடாது, டர்பனில் அவர்கள் மிகக் குறைவு, இருப்பவர்களும் இரவில் வீட்டிலேயே சொருகிவிடுவார்கள். நம் வாடிக்கையாளர் டெலிவரி பையன்கள். சாட்ஸ்வொர்த், ஷால்கிராஸ் பக்கம் 125 சிசி பெட்ரோல் பைக்குகளை வாடகைக்கு விடும் ஒருவரிடம் பேசியிருக்கிறேன். பேட்டரி இல்லாமல் 20 மின்சார பைக் அவர் வாங்குவார், பேட்டரி நம்முடையது, தீர்ந்த பேட்டரியைக் கொடுத்து நிரப்பியதை மாற்றிக்கொள்ளும் ஒவ்வொரு ஸ்வாப்புக்கும் இவ்வளவு என்று வசூல்.

ஒரு பையன் நாளைக்கு சுமார் 130 கிலோமீட்டர், மாதம் 26 நாள். 100 கிலோமீட்டருக்கு 2.5 லிட்டர், லிட்டர் 21 ரேண்ட் என்று வைத்தால் மாதப் பெட்ரோல் 1,775 ரேண்ட், ஆயில், சர்வீஸ் எல்லாம் ஒரு 450. ஆக 2,225. ஒரு பேட்டரிக்கு 50 கிலோமீட்டர் என்றால் நாளைக்கு 2.6 ஸ்வாப், நம் ஸ்வாப் விலை 30 ரேண்ட் என்றால் ஒரு பைக்குக்கு மாதம் 2,028 வரும். மிச்சம் 200 ரேண்டுதான், பெரிய தொகை இல்லை. அதனால் விலையை 30-க்கு மேல் ஏற்ற முடியாது, இதை மனதில் வைத்துக்கொண்டு மேலே படியுங்கள்.

இடமும் முதலீடும்

சாட்ஸ்வொர்த் சென்டரிலிருந்து ஒன்றரை கிலோமீட்டரில் கார் தகடுகளைத் தட்டிச் சரிசெய்யும் ஒரு பேனல் பீட்டர் கடையின் பின்முற்றம், மாத வாடகை 7,500. உம்லாங்காவில் ஆர்டர் அதிகம், ஆனால் அங்கே கேட்ட வாடகை இதைப் போல் இரண்டு மடங்கு, நம் பையன்களுக்குத் தூரமும்.

பேட்டரி 72 வோல்ட், 40 ஆம்பியர்-மணி, லித்தியம் இரும்பு பாஸ்பேட். மொத்தம் 2.88 யூனிட் கொள்ளும், அதில் 2.3 யூனிட்டை மட்டும் பயன்படுத்துவோம், அப்போதுதான் ஆயுள் நீளும். பின்னால் பெட்டியோடு நம் ஊர் மேடுகளில் ஏறி இறங்கினால் ஒரு பேட்டரிக்கு 50 கிலோமீட்டர் ஓடும். சமதரைக் கணக்கு காட்டும் விற்பனையாளர் பேச்சை இங்கே நம்ப வேண்டாம்.

20 பேட்டரி பைக்குகளில் ஓடும், 18 நிலையத்தில் இருக்கும். ஒன்று 18,000 ரேண்ட் வீதம் 6,84,000. பேட்டரிகளைச் சார்ஜ் செய்யும் பத்து அறை கொண்ட கேபினெட் இரண்டு, 1,70,000. மூன்று பேஸ் 40 ஆம்பியர் இணைப்பு, எலக்ட்ரீஷியன், மின் பாதுகாப்புச் சான்றிதழ் எல்லாம் 48,000. கான்கிரீட் மேடை, கூரை, இரும்புக் கூண்டு 62,000. கேமரா, தீயணைப்பு 25,000. கையிருப்புக்கு 1,11,000 சேர்த்தால் 11 லட்சம் ரேண்ட்.

மேடையை ஒரு அடி உயர்த்தச் சொல்லியிருக்கிறேன், 2022 ஏப்ரல் வெள்ளம் நினைவிருக்கிறதுதானே. இன்சூரன்ஸில் கலவரச் சேதத்துக்கான அரசு காப்பீடான சாஸ்ரியா கண்டிப்பாக இருக்க வேண்டும், 2021 ஜூலை மாதிரிக் கலவரம் வந்தால் சாதாரண பாலிசி கை விரித்துவிடும்.

கரண்ட்

ஒரு பேட்டரியை நிரப்ப, சார்ஜரில் வீணாவதையும் சேர்த்து 2.6 யூனிட். வணிகக் கட்டணம் யூனிட்டுக்கு 3 ரேண்ட் 20 சென்ட் என்று வைத்திருக்கிறேன், அப்படியானால் ஸ்வாப்புக்கு 8.32 ரேண்ட். சார்ஜர் ஒவ்வொன்றும் 900 வாட், 20-ம் சேர்ந்து ஓடினாலும் 18 கிலோவாட்தான், இணைப்பு 27 வரை தாங்கும். மீதியில் வெளியாட்களுக்கு நாலு சாக்கெட் வைக்கலாம், மணிக்கு 10 ரேண்ட். அந்த வருமானத்தைக் கணக்கில் சேர்க்கவில்லை.

அரசு மின் நிறுவனமான எஸ்காமின் நேரவாரிக் கட்டணத்தில் காலையில் இரண்டு மணி நேரமும் மாலையில் மூன்று மணி நேரமும் கொள்ளை விலை, அதிலும் ஜூன் முதல் ஆகஸ்ட் வரை குளிர்காலத்தில் இன்னும் மோசம். இரவுச் சாப்பாட்டு ஆர்டர் குவிவதும் அதே மாலை நேரத்தில்தான். 20 பைக்குக்கு மணிக்கு ஐந்து ஸ்வாப் என்றால் அந்த மூன்று மணி நேரத்துக்கு 15 பேட்டரி போதும், நம்மிடம் 18. மதியம் இரண்டு மணியிலிருந்து எல்லாவற்றையும் நிரப்பி, மாலையில் சார்ஜரை அணைத்துவிட்டு, ஒன்பது மணிக்கு மேல் திரும்பப் போட்டால் மாலை உச்சக் கட்டணம் நம்மைத் தொடாது. இதே 18 பேட்டரி இரண்டு மணி நேர லோட் ஷெட்டிங்கையும் சமாளிக்கும், ஜெனரேட்டர் தேவையில்லை. முதலில் ஒரே விலை மீட்டரில் ஆரம்பிப்போம், மூன்று மாதப் பதிவு கையில் வந்ததும் நேரவாரி மீட்டருக்கு மாறுவது லாபமா என்று மாநகராட்சியிடம் கேட்போம்.

விலை ஏறும், அதில் சந்தேகமில்லை. 2025/26-க்கு எஸ்காமுக்கு 12.74 சதவீத உயர்வு கிடைத்தது, மாநகராட்சி வருடந்தோறும் ஜூலை 1-ல் ஏற்றும். அதே அளவு இன்னொரு முறை ஏறினால் நமக்கு ஸ்வாப்புக்கு ஒரு ரேண்டுக்குக் கொஞ்சம் மேலே போகும். வலிக்கும், ஆனால் சாகமாட்டோம்.

ஓட்டம்

பேட்டரி 2,500 முறை சார்ஜ் தாங்கும் என்று எடுத்தால் ஒரு ஸ்வாப்பில் 7.20 ரேண்ட் தேய்கிறது. 30-ல் கரண்டையும் தேய்மானத்தையும் கழித்தால் கையில் 14.48. மாத நிலைச்செலவு வாடகை 7,500, மீட்டர் கட்டணம் 900, இன்சூரன்ஸ் 3,200, டேட்டாவும் மென்பொருளும் 1,600, பகுதிநேர மெக்கானிக் 6,500, மொத்தம் 19,700. அதாவது மாதம் 1,360 ஸ்வாப், நாளைக்கு 52 போனால்தான் சரிக்குச் சரி.

20 பைக், பைக்குக்கு 2.6 ஸ்வாப் என்றால் அதே 52. ஆக எல்லாம் ஒழுங்காக நடந்தாலும் ஒரு சென்ட் லாபமில்லை! மேலே சொன்ன கட்டண உயர்வு வந்தால் 56 வேண்டும், நாலுதான் கூடுதல். ஆனால் ஐந்து பைக் வீட்டில் நின்றுவிட்டால் 13 ஸ்வாப் போய்விடும். கரண்ட் விலையைவிட நிற்கும் பைக்கைப் பார்த்துத்தான் நாம் பயப்பட வேண்டும்.

பைக்குகளைக் கூட்டலாமே என்று அண்ணன் கேட்பார். ஒவ்வொரு பைக்குக்கும் ஏறக்குறைய இரண்டு பேட்டரி வாங்க வேண்டும், 36,000 ரேண்ட், முதலீடும் கூடவே ஏறும். நான் சொல்வது இது: அதே 20 பைக்கை இரண்டு ஷிப்டாக ஓட்டுவது, காலையில் ஒரு பையன், மதியம் மூன்றிலிருந்து இன்னொருவர். நாளைக்கு 200 கிலோமீட்டர், பைக்குக்கு நாலு ஸ்வாப், மொத்தம் 80. ஒரே நேரத்தில் ரோட்டில் இருப்பது எப்போதும் 20 பைக்தான் என்பதால் புதுப் பேட்டரி ஒன்றுகூட வேண்டாம். மாத லாபம் 10,400 ரேண்ட், முதலுக்கு வருடம் 11 சதவீதம். பேட்டரி சீக்கிரம் தேயும், ஆனால் தேய்மானத்தைத்தான் ஸ்வாப் விலையிலேயே பிடித்துவிட்டோமே.

இரண்டு ஷிப்டுக்கு பைக் முதலாளி ஒத்துக்கொண்டால்தான் இந்தத் தொழில். ஒப்பந்தத்தில் இரண்டு விஷயம் விட்டுக்கொடுக்க முடியாது. ஒன்று, ஓடினாலும் ஓடாவிட்டாலும் நாளைக்கு 40 ஸ்வாப்புக்கான பணம் வர வேண்டும், அதில் கைக்காசு போகாது, தேய்மானத்துக்கு ஒதுக்கும் பேட்டரி நிதிக்குத்தான் குறையும். இரண்டு, பேட்டரி காணாமல் போனால் பாதி விலை அவர் பொறுப்பு. ஜிபிஎஸ்ஸும் தொலைவிலிருந்து பூட்டும் வசதியும் இருக்கும், இருந்தாலும் கூண்டை உடைக்கிற ஊர் இது.

ஆறு மாதத்தில் நாள் சராசரி 56-ஐத் தொடாவிட்டால் பேட்டரிகளை சோலார் வைத்திருக்கும் வீடுகளுக்கு விற்றுவிட்டுக் கடையை மூடுவோம். 75 தாண்டி மூன்று மாதம் நின்றால் மட்டும் பீனிக்ஸில் இரண்டாவது இடம் பற்றிப் பேசலாம், அதற்கு முன்னால் யாரும் அந்தப் பேச்சை எடுக்க வேண்டாம்.

மாமா 4 லட்சம், அண்ணன் 4 லட்சம், நான் 3 லட்சம், பங்கும் அதே விகிதம், முதல் வருடம் எனக்குச் சம்பளம் கிடையாது. எலக்ட்ரீஷியன் சொன்ன விலை மாதக் கடைசி வரைக்கும்தான். வியாழக்கிழமை சாயங்காலம் பைக் முதலாளியை வீட்டுக்கு வரச் சொல்லியிருக்கிறேன், ஷிப்ட் விஷயத்தை நீங்கள் இருவருமே அவரிடம் நேரில் கேட்டுவிடுங்கள்.